ரெட் நோட்டீஸ் போட்டால் ஆள் வந்துவிடுவாரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

நிதி நிறுவன மோசடி செய்துவிட்டு வெளிநாட்டுக்குத் தப்பியவர்களைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும், "ரெட் கார்னர் நோட்டீஸ் பிறப்பிக்கப்பட்டுள்ளது" என்ற வரியோடு முடிந்துவிடுகிறது. காவல்துறை அதிகாரிகளின் பேட்டியும் அங்கேயே நிற்கிறது. தங்கள் இதழ் உட்பட எல்லாப் பத்திரிகைகளும் அதை அப்படியே போடுகின்றன. பணத்தைப் பறிகொடுத்தவர்களை இது வீணாக நம்ப வைக்கிறது. இதைக் கண்டித்தே எழுதுகிறேன்.

எங்கள் பொதட்டூர்பேட்டை நெசவு ஊர். தறிச் சத்தம் நின்றால் அடுப்பு எரியாது. அப்படிச் சேர்த்த காசை, மாதா மாதம் கைக்கு வட்டி வரும் என்று நம்பி ஒரு நிறுவனத்தில் போட்டவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். அதை நடத்தியவர் இப்போது நாட்டில் இல்லை. நான் நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், ரசீது, ஒப்பந்தப் பத்திரம், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். "ரெட் நோட்டீஸ் போட்டாச்சாமே சார், பொங்கலுக்குள்ள ஆளைக் கொண்டாந்துடுவாங்களா?" என்று ஒரு தறிக்காரர் கேட்டார். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் அது. அவருக்குப் பதில் சொல்ல வேண்டியது நான் அல்ல, அரசு.

இது ஒரு தெருவின் கதையும் அல்ல. ஆருத்ரா கோல்டு டிரேடிங் வழக்கில் மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலிக்கப்பட்டதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு சொல்கிறது. அதன் இயக்குநர்களில் ஒருவர் ஐக்கிய அரபு அமீரகத்தில் பிடிபட்டதாக 2023 டிசம்பரில் செய்தி வந்தது. அன்று வட மாவட்டங்களில் எத்தனை வீடுகளில் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்கள்! பிடிபடுவதற்கும் சென்னை நீதிமன்றத்தில் வந்து நிற்பதற்கும் நடுவில் என்னென்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யாராவது சொன்னார்களா?

ரெட் நோட்டீஸ் என்பது கைது வாரண்ட் அல்ல. "இவரை எங்கள் நீதிமன்றம் தேடுகிறது, உங்கள் நாட்டில் இருந்தால் கண்டுபிடித்து, நாங்கள் முறைப்படி கேட்கும்வரை பிடித்து வையுங்கள்" என்ற வேண்டுகோள் மட்டுமே. நம் காவல்துறை நீதிமன்றத்தில் பிடிவாரண்ட் வாங்கி, டெல்லியில் உள்ள சி.பி.ஐ. வழியாக, பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் இன்டர்போல் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும். இதை விரைவாக்கத்தான் 2025 ஜனவரியில் 'பாரத்போல்' என்ற இணையதளத்தை மத்திய அரசு தொடங்கியது. நோட்டீஸ் வந்தபின் அதற்கு என்ன மதிப்புக் கொடுப்பது என்பதை ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி முடிவு செய்துகொள்ளும். சில நாடுகள் அதை வைத்தே கைது செய்யும். சில நாடுகள், தனியாக ஒரு வேண்டுகோள் வராதவரை தொடவே தொடாது. நோட்டீஸ்களில் பெரும்பாலானவை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுவதும் இல்லை. இன்டர்போல் பக்கத்தில் பெயர் இல்லை, போலீஸ் பொய் சொல்கிறது என்று எங்கள் ஊர் இளைஞர்கள் கொதிக்கிறார்கள். பெயர் அங்கே இல்லாததால் மட்டும் நோட்டீஸ் இல்லை என்றாகாது. இதைக்கூட யாரும் விளக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

நோட்டீஸுக்கும் ஆள் வருவதற்கும் உள்ள தூரத்தை மெகுல் சோக்சி வழக்கு நன்றாகக் காட்டுகிறது. பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியில் தேடப்படும் இந்த வைர வியாபாரி, 2018 ஜனவரியில் நாட்டைவிட்டுப் போனார். அதற்கு முன்பே ஆன்டிகுவா நாட்டுக் குடியுரிமை வாங்கி வைத்திருந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் ரெட் நோட்டீஸ் வந்தது. 2021 மே மாதம் ஆன்டிகுவாவில் காணாமல் போனவர், பக்கத்துத் தீவான டொமினிகாவில் பிடிபட்டார். தன்னைக் கடத்திக்கொண்டு போனார்கள் என்றார். அதோடு விடாமல், இன்டர்போலின் கோப்புகளை மேற்பார்க்கும் தனி ஆணையத்திடம் முறையிட்டார். தன்மேல் உள்ள நோட்டீஸை நீக்கச் சொல்லி யார் வேண்டுமானாலும் அந்த ஆணையத்திடம் கேட்கலாம். கடத்தல் புகாரில் உண்மை இருக்க வாய்ப்புண்டு என்று கருதிய ஆணையம், 2022 நவம்பரில் நோட்டீஸை நீக்கியது. நம் ஊர்க் கணக்குப்படி பார்த்தால் வழக்கு அத்துடன் முடிந்தது.

ஆனால் முடியவில்லை. சிகிச்சைக்காக பெல்ஜியம் போயிருந்த அவரை, 2025 ஏப்ரல் 12 அன்று ஆன்ட்வெர்ப் நகரில் கைது செய்தார்கள். அப்போது ரெட் நோட்டீஸ் கிடையாது. இந்தியா நேரடியாக பெல்ஜியம் அரசிடம் கொடுத்த ஒப்படைப்பு மனுதான் வேலை செய்தது. அதன்பிறகுதான் உண்மையான வழக்காடல் தொடங்கியது. பெல்ஜியம் நீதிமன்றம் அவர் குற்றவாளியா இல்லையா என்று விசாரிக்கவில்லை. அது நம் நீதிமன்றத்தின் வேலை. இந்தியா சொல்லும் செயல் பெல்ஜியத்திலும் குற்றம்தானா, அரசியல் பழிவாங்கல் ஏதும் உண்டா, அனுப்பினால் மனிதத்தன்மையோடு நடத்துவார்களா என்பவையே அங்கே கேள்விகள். மோசடி, கூட்டுச் சதி போன்ற குற்றச்சாட்டுகளை ஏற்ற ஆன்ட்வெர்ப் மேல்முறையீட்டு நீதிமன்றம், சாட்சியத்தை அழித்ததாகச் சொல்லும் பிரிவை மட்டும் ஏற்கவில்லை. அது அவர்கள் சட்டத்தில் குற்றமாக வரவில்லை. சிறையைப் பற்றிய ஆட்சேபத்துக்கு, மும்பை ஆர்தர் ரோடு சிறையின் 12-ஆம் எண் கட்டடத்தில் வைப்போம், ஆளுக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர் இடம் தருவோம் என்று இந்தியா எழுதிக் கொடுத்தது. 2025 அக்டோபரில் ஒப்படைக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. டிசம்பரில் அந்நாட்டின் உச்ச நிலை நீதிமன்றமும் அவரது மனுவைத் தள்ளியது.

அதே 2025-இல் லண்டனில் நேர்மாறாக நடந்தது. ஆயுத ஆலோசகர் சஞ்சய் பண்டாரியை ஒப்படைக்க பிரிட்டிஷ் அமைச்சர் ஆணையிட்ட பிறகும், பிப்ரவரி 28 அன்று லண்டன் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்துவிட்டது. திஹார் சிறையில் சக கைதிகளோ அதிகாரிகளோ அவரை மிரட்டிப் பணம் பறிக்கவும், அடிக்கவும் உண்மையான ஆபத்து உள்ளது என்றது. தான் வேண்டுமென்றே செய்யவில்லை என்று குற்றம் சாட்டப்பட்டவரே நிரூபிக்க வேண்டும் என்கிற நம் கறுப்புப் பணச் சட்டப் பிரிவும் நியாயமான விசாரணைக்கு இடையூறு என்றது. மேல்முறையீட்டுக்கு இந்தியா அனுமதி கேட்டதும் எடுபடவில்லை.

வெளிநாட்டு நீதிபதிகள் திருடனுக்குப் பரிந்து பேசுகிறார்கள் என்று இதைப் படித்ததும் ஆத்திரப்படத் தோன்றும். எனக்கு அந்த ஆத்திரம் இல்லை. நம் ஊர்ப் பிள்ளை ஒருவன் துபாயிலோ சிங்கப்பூரிலோ பொய்ப் புகாரில் மாட்டினால், இதே பாதுகாப்பு அவனுக்கும் வேண்டும். வேறொரு நாடு தேடும் ஆள் தமிழ்நாட்டில் பிடிபட்டாலும், நம் 1962-ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டப்படி மாஜிஸ்திரேட் விசாரித்த பிறகே அனுப்ப முடியும். அவசரமாகப் பிடித்து வைத்தவரை, 60 நாளுக்குள் முறையான கோரிக்கை வராவிட்டால் விட்டுவிட வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். வெளிநாடுகளும் நம் காகிதங்களுக்கு இப்படிக் கெடு வைத்தே காத்திருக்கின்றன. அந்தக் காகிதங்களைத் தயாரிப்பதில் நாம் காட்டும் மெத்தனமே எனக்கு ஆத்திரமூட்டுகிறது.

எத்தனையோ கட்டுகளைப் புரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒப்படைப்புக் கோப்பின் உயிர், புலனாய்வு அதிகாரி மாஜிஸ்திரேட் முன் சத்தியம் செய்து தரும் பிரமாண வாக்குமூலத்தில் இருக்கிறது. இந்தத் தேதியில், இந்த ஊரில், இன்னார், இந்த வாக்குறுதியை நம்பி, இவ்வளவு கொடுத்தார், அது இந்தக் கணக்குக்குப் போனது, அங்கிருந்து குற்றம் சாட்டப்பட்டவர் இப்படி எடுத்தார் என்று, இந்தியாவையே அறியாத ஒரு நீதிபதிக்கு அது விளங்க வேண்டும். குற்றப்பத்திரிகையை அப்படியே மொழிபெயர்த்து மேலே ஓர் உறை போட்டால் விளங்காது. இதைவிட முக்கியமானது இன்னொன்று. எந்தக் குற்றத்துக்காக ஒருவரை ஒப்படைக்கிறார்களோ, அதற்காகவும், உடன்படிக்கை இடம் கொடுத்தால் அதோடு தொடர்புள்ளவற்றுக்காகவும் மட்டுமே அவரை இங்கே விசாரிக்கலாம். எங்கள் தெருக்காரர்களின் புகார் அந்தக் கோப்பில் இடம்பெறாமல் போனால், ஆள் வந்த பிறகும் அவர்கள் வழக்குக்கு அது பயன்படாமல் போகலாம். நிறுவனம் உரிமம் இல்லாமல் டெபாசிட் வாங்கியது, நம் 1997-ஆம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தை மீறியது என்று மட்டும் எழுதினால், அந்தச் சட்டம் இல்லாத நாட்டில் அது தடுமாறும். ஏமாற்றுதல் எல்லா நாட்டிலும் குற்றம். கோப்பு அதன்மேல்தான் நிற்க வேண்டும்.

எங்கள் பகுதி முதலீட்டாளர்கள் சென்னையில் ஓர் அலுவலகத்துக்குப் போய், ஒப்படைப்பு மனு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டபோது, "டெல்லியில கேளுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். டெல்லியில் யாரைக் கேட்பது? சி.பி.ஐ.க்குத் தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து 2011-லேயே விலக்குக் கொடுத்தாகிவிட்டது. பள்ளிப்பட்டு தாலுகாவில் தறி ஓட்டுகிறவர் வெளியுறவு அமைச்சகத்தின் கதவைத் தட்ட முடியுமா?

ஆகவே தமிழக அரசிடம் நான் கேட்பது இதுதான். இப்படி ஆள் வெளிநாட்டில் உள்ள ஒவ்வொரு வழக்கிலும், நோட்டீஸ் எப்போது கேட்கப்பட்டது, அது இன்னும் நடப்பில் இருக்கிறதா, ஒப்படைப்பு மனு மாநிலத்தை விட்டு எந்தத் தேதியில் போனது, திருத்தம் கேட்டுத் திரும்பி வந்ததா, எத்தனை பேரின் புகார் அதில் சேர்ந்திருக்கிறது என்று எழுத்தில் ஓர் அறிக்கையை, முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்ட சிறப்பு நீதிமன்றத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யுங்கள். புலன் விசாரணை ரகசியம் எதுவும் இதில் இல்லை. கைதியை எந்தச் சிறையில், எத்தனை அடி இடத்தில், என்ன மருத்துவ வசதியோடு வைப்போம் என்ற உறுதிமொழியையும் வெளிநாட்டு நீதிபதி கேட்ட பிறகு தேடாமல் மனுவோடு சேர்த்தே அனுப்புங்கள். புழல் சிறை நம் அரசின் கையில்தானே இருக்கிறது.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ரெட் நோட்டீஸ் செய்தி வரும்போது, ஒப்படைப்பு மனு போய்விட்டதா என்று தங்கள் நிருபர் அந்த அதிகாரியைக் கேட்டு, அவர் சொல்லும் தேதியையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நீதிமன்ற ஊழியர் ஒருவர்,
பொதட்டூர்பேட்டை, திருவள்ளூர் மாவட்டம்.