‘தொடரும்’ என்ற சொல் செய்த வேலை
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

பழைய தொடர்கதைகளைப் பற்றிப் பேசும்போது ஒரு குற்றச்சாட்டு தவறாமல் எழும். அவற்றில் கட்டுக்கோப்பு இல்லை, அத்தியாயத்துக்கு அத்தியாயம் செயற்கையான திடுக்கிடல், சொன்னதையே திரும்பச் சொல்லுதல் என்பார்கள். இக்குறைகள் இல்லையென்று நான் வாதிட வரவில்லை. அவை எங்கிருந்து வந்தன என்று பார்த்த பிறகே தீர்ப்புக் கூற வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். தனித்தனி நிகழ்ச்சிகளைக் கோத்துக் கதை சொல்லும் பழக்கம் வார இதழ் கொண்டுவந்ததன்று. 1879-இல் நேரே நூலாக வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ கிளைக்கதைகளால் நிறைந்ததுதான். ஆனால் அதில் ஒரு கதை முடிந்தால் புத்தகத்தை மூடி வைத்துவிடலாம். மூடவிடாமல் ஒரு முடிச்சைப் போட்டு நிறுத்துவதே தொடர்கதை செய்த புதிய வேலை. வாசகன் அடுத்த வாரமும் காசு கொடுத்து இதழை வாங்க வேண்டும் அல்லவா?

அம்முடிச்சு எப்படிப் போடப்பட்டது என்பதற்குக் கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னையே எடுத்துக்கொள்வோம். 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை கல்கி வார இதழில் வந்த கதை அது. அத்தியாயங்கள் 293, வாரங்கள் ஏறத்தாழ 186. கணக்கு மாணவன் என்ற முறையில் வகுத்துப் பார்த்தேன். வாரத்துக்கு ஒன்றரை அத்தியாயத்துக்குச் சற்று மேல் வருகிறது.

முதற் பாகத்தில் பழுவேட்டரையருடன் ஒரு மூடு பல்லக்கு வருகிறது. உள்ளே இருப்பவர் அவருடைய இளைய ராணி நந்தினி என்றே நாம் நினைக்கிறோம். எட்டாம் அத்தியாயத்தின் தலைப்பே ‘பல்லக்கில் யார்?’ என்பதுதான். நள்ளிரவில் கடம்பூர் மாளிகையில் அப்பல்லக்கிலிருந்து மதுராந்தகர் இறங்குகிறார். கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் பல்லக்கின் வேலை முடியவில்லை. இருபத்தோராம் அத்தியாயத்தில் வந்தியத்தேவன் அதே பல்லக்கை வழியில் காண்கிறான். இப்போது உள்ளே மதுராந்தகர் இருப்பார் என்று அவன் எண்ண, திரையை விலக்கி நந்தினி எட்டிப் பார்க்கிறாள்!

புத்தகமாகப் படிப்பவர் இந்தப் பதின்மூன்று அத்தியாயங்களை ஓர் இரவில் கடந்துவிடுவார். இதழில் படித்தவருக்கோ, மேற்சொன்ன கணக்குப்படி, எட்டு வாரங்கள். ஏறக்குறைய இரண்டு மாதம். இடையே அறுவடையும் வந்திருக்கும், கலியாணமும் நடந்திருக்கும். இத்தனைக்கும் பிறகு ஒரு பொருள் நினைவில் நிற்க வேண்டுமானால், அது பல்லக்கைப் போலக் கண்ணுக்குத் தெரியும் பொருளாக இருக்க வேண்டும். மனத்துக்குள் நடக்கும் நுட்பமான மாற்றம் அவ்வளவு காலம் தாங்காது. தொடர்கதையில் முத்திரை மோதிரங்களும் ஓலைகளும் மலிந்திருப்பதற்குக் காரணம் இதுவே.

மாந்தர்களுக்கும் இதே விதிதான். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவன் நானே முதல். என் பாட்டிக்கு எழுத்து தெரியாது. கல்கி இதழில் இக்கதை மறுபடியும் தொடராக வந்த காலத்தில், படூரில் பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒருவர் படிக்கக் காதால் கேட்டவர். ஆழ்வார்க்கடியான் என்ற பெயர் இன்றும் அவர் வாயில் நுழையாது. ஆனால் “முன்குடுமியும் தடியும் வச்சிக்கிட்டுச் சண்டைக்கு நிப்பாரே, அந்த நாமக்காரரு” என்று உடனே சொல்வார். வாரம் ஒரு முறை வரும் மனிதருக்கு அப்படி ஓர் அடையாளம் வேண்டியிருக்கிறது. ஒருவர் கண்டதை இன்னொருவரிடம் விவரமாகச் சொல்லும் பேச்சுகளும் அவ்வாறே. நூலில் அது கூறியது கூறல்; இதழிலோ சென்ற வாரம் திண்ணைக்கு வராதவருக்குச் செய்த உதவி.

ஆயினும் இம்முறைக்கு விலை உண்டு. அச்சேறிய வாரத்தை ஆசிரியர் திரும்ப அழைக்க முடியாது. கட்டிய முடிச்சுகளையெல்லாம் முடிவில் அவிழ்த்தே ஆக வேண்டும். ஐந்தாம் பாகம் 91 அத்தியாயங்களாக நீண்டது. மற்ற எந்தப் பாகமும் அறுபதைத் தொடவில்லை. அப்படியும் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பது ஐயத்துக்கு இடமாகவே நின்றது. கதை திடீரென முடிந்துவிட்டதென வாசகர்கள் குறைப்பட்டனர். இன்னாருக்குப் பின்னர் என்ன ஆயிற்று என்று கேட்டனர். கல்கி தனியே ஒரு முடிவுரை எழுதி விடை கூற நேர்ந்தது. மூன்றரை ஆண்டு ‘தொடரும்’ என்று படித்துப் பழகியவர்களுக்கு ‘முற்றும்’ என்ற சொல் எப்படி இனிக்கும்?

ஆகவே நண்பர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒன்று சொல்வேன். நம் நூலகத்திலிருந்து இக்கதையை எடுத்தால் விடுமுறையில் ஒரே மூச்சில் முடிக்க வேண்டாம். வாரத்துக்கு இரண்டு அத்தியாயத்துடன் நிறுத்திப் பாருங்கள். குறையென்று நாம் சொன்னவற்றில் எவை உண்மையிலேயே குறை, எவை காத்திருந்தவர்களுக்காகச் செய்யப்பட்டவை என்று தானே பிரிந்து தெரியும்.