தானாக மாறும் கிராஃப்: கடிவாளம் யார் கையில்?

இந்த வருஷம் புராஜெக்ட் செய்பவர்களில் பாதிப்பேர் ஏதாவது ஒரு சென்சாரை மாட்டி, கம்ப்யூட்டர் திரையில் கிராஃப் ஓட விடுகிறோம். அளவுகோலை யார் வைக்கிறார்கள் என்று கேட்டால், "அது ஆட்டோ தானே, அதுவே பாத்துக்கும்" என்பதுதான் பதில். கிராஃப் தானாக மாறத்தான் வேண்டும். ஆனால் அதன் இஷ்டத்துக்கு மாறக் கூடாது என்பது என் கட்சி.

நமக்கெல்லாம் பழக்கமான 3 குதிரைத்திறன் மோட்டாரையே எடுத்துக்கொள்வோம். 415 வோல்ட்டில் முழுச் சுமைக்குச் சுமார் 4.7 ஆம்பியர். நேரடி ஸ்டார்ட்டரில் போட்டால் முதல் ஓரிரு விநாடி அதைப்போல் ஆறு மடங்கு, அதாவது 28 ஆம்பியர் இழுக்கும். பிறகு 4.2-ல் நிற்கிறது என்று வைப்போம். திரையில் கடைசி 60 விநாடி தெரிகிறது. விநாடிக்கு ஒரு முறை புது அளவு வருகிறது.

ஸ்டார்ட் செய்ததும் அளவுகோல் 0 முதல் 30 வரை விரிகிறது. சரிதான். ஆனால் அடுத்த ஒரு நிமிஷம் ஓட்ட மின்னோட்டம் அடியில் படுத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் சுமை கூடி 4.2 என்பது 4.6 ஆனால், பத்து சென்டிமீட்டர் உயரப் படத்தில் அது சுமார் 1.3 மில்லிமீட்டர்தான். யார் கண்ணிலும் படாது.

61-ம் விநாடியில்தான் வேடிக்கை. 28 படத்தை விட்டு வெளியேறுகிறது. மீதியிருப்பது 4.18-க்கும் 4.22-க்கும் நடுவே ஆடும் வெறும் சென்சார் நடுக்கம். ஆட்டோ அளவுகோல் அந்த நடுக்கத்தையே படம் முழுக்க இழுத்துக் காட்டும். பார்த்த ஜூனியர் தம்பி, "அண்ணே, மோட்டார் பத்திக்கப் போவுது!" என்று அலறினால் அவன் மேல் என்ன தப்பு? மோட்டாரில் ஒன்றும் மாறவில்லை, கோடுதான் மாறியது.

நான் சொல்லும் வழி இது. மின்னோட்டத்துக்கு அடி எல்லை எப்போதும் 0. மேல் எல்லை 1, 2, 5, 10, 20, 50 என்ற படிகளில் மட்டும் நிற்கட்டும். ஏறும்போது உடனே ஏறட்டும். இறங்கும்போது மட்டும் பொறுத்து இறங்கட்டும். நாம் படித்த ஷ்மிட் டிரிக்கர் கதைதான், வேறொன்றும் இல்லை.

```python
STEPS = [1, 2, 5, 10, 20, 50]

def new_top(top, peak, calm):
    need = next((s for s in STEPS if s >= peak * 1.1), 50)
    if need > top or calm >= 30:
        return need
    return top
```

`peak` என்பது திரையில் இப்போது இருக்கும் பெரிய அளவு. `calm` என்பது சின்னப் படியே போதும் என்ற நிலை தொடர்ந்து எத்தனை விநாடி நீடித்தது என்ற எண்ணிக்கை. நடுவில் ஒரு தடவை பெரிய படி தேவைப்பட்டாலும் அது பூஜ்யமாகிவிட வேண்டும். 28 வந்தால் 10% இடம் விட்டு 50-க்குப் போகும். 4.22-க்கு 5 போதும். இந்தப் பொறுமை இல்லாவிட்டால், உச்சம் 9.0-க்கும் 9.2-க்கும் நடுவே ஆடும் நாளில் மேல் எல்லை 10, 20, 10, 20 என்று குதித்துக்கொண்டே இருக்கும். கண் வலிதான் மிச்சம்!

படி மாறும்போது, "அளவுகோல் 5-லிருந்து 50 ஆம்பியர்" என்று ஒரு வரி சில விநாடி தெரிய வேண்டும். கடைசி உச்சம் எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதும் ஓரத்தில் நிற்கட்டும். இல்லையென்றால் 28 வந்துபோன சுவடே இருக்காது.

நிறத்தில் ஆபத்து இன்னும் அதிகம். ஒர்க்‌ஷாப்பில் எட்டு மோட்டார், எட்டுக் கட்டம். சின்ன அளவுக்குப் பச்சை, பெரிய அளவுக்குச் சிவப்பு என்று தானாகப் பிரிக்கச் சொல்கிறோம். ஒன்று ஸ்டார்ட் ஆகி 28 காட்டினால் மற்ற ஏழும் பச்சையாகிவிடும். அந்த ஏழில் ஒன்று 5.5 ஆம்பியரில், அதாவது 117 சதவீதச் சுமையில் வெந்துகொண்டிருக்கலாம். எல்லாமே சும்மா ஓடும் நாளிலோ ஏதாவது ஒன்று காரணமே இல்லாமல் சிவக்கும்.

ஆகவே நிறம் பக்கத்து மோட்டாரைப் பார்த்து மாறவே கூடாது. பெயர்த்தகட்டு அளவின் சதவீதத்தோடு கட்டிப்போடுங்கள்: 100 வரை பச்சை, 110 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. 200-ஐத் தாண்டினால் ஊதா என்று புது நிறம் சேர்க்கலாம். பழைய நிறங்களின் அர்த்தம் அப்படியே இருக்கும். ஆஸ்திரேலிய வானிலைத் துறை 2013 ஜனவரி வெப்ப அலையின்போது இதைத்தான் செய்தது. 50 டிகிரியோடு முடிந்த வரைபட அளவுகோலில், இருந்ததை இழுத்து நீட்டாமல், 54 வரை புது நிறங்களைச் சேர்த்தது.

எழுத்துக்கும் ஒரு வார்த்தை. மோட்டார் நின்றதும் சென்சார் காட்டும் 0.03-ஐ, சில நிரல்கள் "30 மில்லி ஆம்பியர்" என்று மாற்றி எழுதும். அவசரத்தில் பார்ப்பவன் 30-ஐ மட்டும்தான் படிப்பான். அலகை ஆம்பியரிலேயே பூட்டி வையுங்கள்.

ரிவ்யூவுக்கு முன் மோட்டாரைத் தொடாமலே இதைச் சோதிக்கலாம். 0.03-ஐ ஒரு நிமிஷம், 28-ஐ இரண்டு விநாடி, 4.2-ஐ மூன்று நிமிஷம் பொய்யாக அனுப்பிவிட்டு, புராஜெக்ட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாத நண்பனைத் திரை முன்னால் உட்கார வையுங்கள். மோட்டார் எப்போது ஸ்டார்ட் ஆனது, இப்போது எவ்வளவு இழுக்கிறது என்று இரண்டே கேள்வி கேளுங்கள்.