ஒற்றை வரியில் வரும் மறுப்பை ஏற்காதீர்கள்

தோழர்களே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால், கேட்டதெல்லாம் கிடைக்க வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. சில தகவல்களை மறுக்கச் சட்டமே இடம் தருகிறது. ஆனால் ஒன்றை மறுக்க இடம் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் மறுப்பது மோசடி.

மாவட்ட அலுவலகம் ஒன்றிடம் வன்கொடுமை தடுப்புச் சட்டம் தொடர்பாக மூன்று விவரங்கள் கேட்டோம். மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு இரண்டு ஆண்டுகளில் கூடிய தேதிகள், கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளின் நகல். எத்தனை வழக்குகளில் எந்தத் தேதியில் தீருதவி தரப்பட்டது. பயணப்படி பெற்ற சாட்சிகளின் பெயரும் ஊரும். வந்த பதில் ஒரே வரி: 'வழக்குகள் விசாரணையில் உள்ளதால் தகவல் வழங்க இயலாது.'

மூன்றாவது கேள்வியில் பெயரையும் ஊரையும் மறுத்தது சரியே. சாட்சியின் பெயர் வெளியே போனால் ஊரில் அவர் உயிருக்கே ஆபத்து. அதற்காகத்தான் 8(1)(ஜி) பிரிவு இருக்கிறது. ஆனால் பெயரை அடித்துவிட்டு எத்தனை பேருக்கு, எவ்வளவு தொகை என்று தரலாமே! குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்பது விதி 17. இரண்டு ஆண்டுகளில் எட்டுக் கூட்டம். அந்தத் தேதிகளைச் சொன்னால் எந்த விசாரணை கெடும்? கூட்டமே நடக்கவில்லை என்பது தெரிந்துவிடுமோ என்ற அச்சம்தானே இது?

விசாரணை நடக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது, தகவல் தருவது விசாரணையை எப்படித் தடுக்கும் என்று அலுவலர் காட்ட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் பகத் சிங் வழக்கில் 2007-லேயே சொல்லிவிட்டது.

பாதி கொடுத்துப் பாதி மறுப்பது எப்படி என்பதையும் சட்டத்தின் 10-வது பிரிவு சொல்கிறது. மறுக்க வேண்டிய பகுதியைப் பிரித்துவிட்டு மீதியைத் தர வேண்டும். கூடவே, தருவது ஒரு பகுதி மட்டுமே என்பதையும், மறுத்ததற்கான காரணத்தையும், முடிவெடுத்தவரின் பெயர், பதவியையும், யாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் எழுதித் தர வேண்டும். இதில் ஒன்றுகூட அந்த ஒற்றை வரியில் இல்லை.

காரணம் எழுதினால் அதை நாம் எதிர்க்க முடியும். அதனால்தான் எழுத மாட்டார்கள்.

இப்படிப் பதில் வந்தால் 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். மூன்று கேள்விகளையும் தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றையும் எந்தப் பிரிவின் கீழ் மறுத்தீர்கள் என்று கேளுங்கள். சாட்சிகளின் பெயர் வேண்டாம் என்று நீங்களே எழுதிவிடுங்கள். அப்புறம் ஒளிந்துகொள்ள அவர்களுக்கு இடம் இருக்காது. மறுப்பு சரி என்று மேல்முறையீட்டில் நிரூபிக்க வேண்டியது மறுத்த அலுவலர்தான், நாம் அல்ல. 19(5) பிரிவு அதைத்தான் சொல்கிறது.