31ஆம் கேள்வி 12ஆம் கேள்விக்குச் சொன்ன விடை

போன வருஷம் சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னாடி, எங்க தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு வரலாற்று மாதிரி வினாத்தாள் போட்டோம். ஹட்டன்ல போட்டோகொப்பி எடுத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில மண்டபத்துல வச்சு எழுத வச்சோம். 40 பல்தேர்வு வினா, 24 பிள்ளைகள்.

திருத்தும்போது ஒரு விஷயம் சந்தோஷமா இருந்துச்சு. எங்க குடியுரிமை பற்றிய ரெண்டு வினாவுக்கும் 21 பேர் சரியா விடை போட்டிருந்தாங்க. பரவாயில்லையே, நம்ம கதை நம்ம பிள்ளைகளுக்குத் தெரிஞ்சிருக்கே என்று நினைச்சேன். அடுத்த வாரம் விடைகளைப் பற்றிப் பேசும்போது, அந்த ஒப்பந்தம் எதைப் பற்றியது என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கல. கடைசியில ஒரு தங்கச்சி சொன்னாள்: “அக்கா, 12 தெரியாம விட்டுட்டுப் போனேன். 31ல அந்த வருஷம் இருந்துச்சு. 31க்கு விடை 12லயே இருந்துச்சு.”

வினாக்கள் இவைதான்.

12. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்ட ஆண்டு எது?

31. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவுடன், இந்திய வம்சாவளி மக்களின் குடியுரிமை பற்றிய ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்ட இந்தியப் பிரதமர் யார்?

ஒன்றுக்கு ஒன்று விடை சொல்லுது. ரெண்டையும் சேர்த்துப் படிக்கிற பிள்ளைக்கு வரலாறே தேவையில்ல, வாசிக்கத் தெரிஞ்சா போதும். எங்க நாலு பேர்ல ஒருத்தர் கண்ணுலயும் இது படல.

ஏன் படல என்றால், வினாத்தாளை யாரும் ஒரே மூச்சில எழுதல. ஆளுக்குப் பத்து வினா. நான் கடந்தகால வினாத்தாள்ல இருந்து எடுத்தேன், இன்னொருத்தர் பழைய தவணைப் பரீட்சையில இருந்து எடுத்தார். தனித்தனியா பார்த்தா ரெண்டு வினாவும் சுத்தமானவை. ஒரே தாள்ல வந்து உட்காரும்போதுதான் கெட்டுப்போகுது. பெரிய வினா வங்கி வச்சுப் பரீட்சை நடத்துற நிறுவனங்கள் இப்படிப்பட்ட சோடிகளை ‘எதிரி வினாக்கள்’ என்றே குறிச்சு வைப்பாங்க. ஒன்றை எடுத்தா மற்றது அதே தாளுக்குள்ள வரக்கூடாது. நம்ம ஊர் மாதிரி வினாத்தாள்கள் பெரும்பாலும் வெட்டி ஒட்டியவை. எதிரிகளைக் குறிச்சு வைக்க ஆள் இல்ல.

“போகட்டுமே, பிள்ளைகளுக்கு ரெண்டு புள்ளி கூடத்தானே கிடைக்குது” என்று எங்க கூட்டத்துலயே ஒரு அண்ணன் சொன்னார். எனக்கு அதில உடன்பாடு இல்ல. அந்த ரெண்டு புள்ளி எல்லாருக்கும் கிடைக்கல. முன்னாடியும் பின்னாடியும் புரட்டிப் பார்க்கணும் என்று தெரிஞ்ச பிள்ளைக்குத்தான் கிடைச்சுது. அந்தப் பழக்கம் நிறைய மாதிரித் தாள் எழுதுறதால வருது, டவுன் டியூஷனுக்குப் போற பிள்ளைக்கு அது ஏற்கனவே இருக்கும். மில்மன், பிஷப், ஈபல் என்ற மூன்று பேர் 1965லயே இதைத் தனித் திறமையாகப் பிரிச்சு எழுதினாங்க: பாடம் தெரியாமலே, தாளின் அமைப்பை வச்சுப் புள்ளி எடுக்கிற திறமை. நாங்க வரலாறு சோதிக்கிறோம் என்று நினைச்சு அதைச் சோதிச்சிருக்கோம். அதைவிட மோசம், எனக்குத் தப்பான செய்தி கிடைச்சுது. தாத்தா வழிச் சொந்தம் கூடலூருக்குப் போன குடும்பத்துப் பிள்ளைகள் அந்த மண்டபத்துல இருந்தாங்க. ஏன் போனாங்க என்று அவங்களுக்குத் தெரியாது. தெரியும் என்று தாள் என்னிடம் சொல்லிடுச்சு. அந்தத் தங்கச்சி உண்மையைச் சொல்லாட்டி அந்தப் பாடத்தைத் தாண்டிப் போயிருப்பேன்.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறது? 40 வினாவில 780 சோடி இருக்கு. சோடி சோடியா ஒப்பிட்டுப் பார்க்க யாராலயும் முடியாது. அதனால விடைப்பட்டியலில இருந்து தொடங்கணும். 40 விடையையும் ஒரு தாள்ல எழுதி, ஒவ்வொரு விடையும் வேற எந்த வினாவிலயாவது, அதன் தெரிவுகளிலயாவது இருக்கா என்று தேடணும். ஃபோன்ல தட்டச்சு செஞ்ச தாள் என்றால் தேடு பொத்தானே போதும். ‘1964’ என்று போட்டிருந்தா 31 உடனே வந்து நின்றிருக்கும்.

ஆனா தேடலுக்குச் சிக்காததும் இருக்கு. ‘கோப்பி’ என்று ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் ‘காப்பி’ என்று எழுதியிருப்பார். எங்க தாள்லயே 26ஆம் வினா, “சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நடந்து பத்து ஆண்டுகளின் பின், 1974இல்” என்று தொடங்குச்சு. அங்க 1964 என்ற எண்ணே இல்ல, ஆனா கழிக்கத் தெரிஞ்சவருக்கு விடை இருக்கு. இதைப் பிடிக்க, தாளைத் தயாரிக்காத ஒருத்தரை எழுத வச்சு, “எந்த வினாவுக்காகத் திரும்பிப் போனீங்க?” என்று கேட்கணும். பிள்ளைகளின் தாள்லயும் தடயம் இருக்கும்: பல பேர் ஒரே வினாவில தப்பான விடையை அழிச்சு சரியானதைப் போட்டிருந்தா, பின்னாடி எங்கயோ ஒரு துப்பு இருக்கு.

திருத்தும்போது வினாக்களின் வரிசையை மாத்தினா போதும் என்று நினைக்காதீங்க, பக்கத்தைத் திருப்ப எல்லாருக்கும் கை இருக்கு. ஒரு வினாவை மாத்தணும். நாங்க 12ஐ அப்படியே விட்டு, 26இல இருந்து ‘பத்து ஆண்டுகளின் பின்’ என்பதை எடுத்தோம். 31ஐ இப்படி மாத்தினோம்: “சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமை பெற இருந்தவர்கள் எத்தனை பேர்?” விடை 525,000. ஆண்டு இல்ல, பிரதமர் பெயரைக் கேட்கவும் இல்ல. கேட்க வேண்டிய வினாவும் அதுதான்.

இதே கவனத்தில இன்னொரு பள்ளத்துல விழலாம். கணிதத் தாளில நாங்க போட்ட வினா: நாளுக்கான அளவு 18 கிலோ, ஒருவர் பறித்தது 25 கிலோ. (அ) மேலதிகக் கொழுந்து எத்தனை கிலோ? (ஆ) மேலதிகக் கிலோவுக்கு 50 ரூபா என்றால் அதற்கு எவ்வளவு கிடைக்கும்? (அ)வில 6 என்று போட்ட பிள்ளை (ஆ)வில 300 என்று போடும். ஒரு தவறுக்கு ரெண்டு அடி. இதைச் சரிசெய்ய நண்பர் (ஆ)வை “மேலதிக 7 கிலோவுக்கு” என்று மாத்தினார். சங்கிலி அறுந்துச்சு, ஆனா (அ)வின் விடை வெளிய வந்துடுச்சு. வழி என்னன்னா, எண்ணையே மாத்துறது: “(ஆ) இன்னொரு நாள் அவர் மேலதிகமாக 4 கிலோ பறித்தார். அதற்கு எவ்வளவு கிடைக்கும்?” இப்ப ரெண்டும் தனித்தனியா நிற்குது.

ஒரே பந்தியைக் கொடுத்து அதிலிருந்து கேட்கிற வினாக்கள் வேற, அங்க விடை தாளிலேயே இருக்கணும். மற்றபடி ஒரு மணித்தியாலம் செலவழிச்சா இந்தச் சோதனையை முடிச்சிடலாம். இந்த வருஷமும் தாள் போடப்போறோம். திருத்தின 12, 26, 31 மூன்றும் அதில இருக்கும். இந்தத் தடவை 21 பேர் சரியா எழுத மாட்டாங்க என்று நினைக்கிறேன். எத்தனை பேர் என்பதைப் பார்த்துத்தான் அடுத்த ஞாயிறு எதைப் படிப்பிக்கிறது என்று முடிவு செய்யணும்.