முகவர் மறைத்த கமிஷன் யாருக்குச் சொந்தம்?



முகவர் ரகசியமாகக் கமிஷன் வாங்கியது பற்றிய தேர்வுக் கேள்விக்கு விடை எழுதும்போது, அவரை நியமித்தவருக்கு என்ன நட்டம் என்று தேடுவது வீண் வேலை. நட்டத்தை நிரூபிக்கவே தேவையில்லை. முகவர் நம்பிக்கைப் பொறுப்பில் இருந்தாரா, அந்தப் பொறுப்பை ஒட்டிப் பணம் வந்ததா, நியமித்தவர் முழு விவரமும் அறிந்து சம்மதித்தாரா என்பதே விஷயம்.

2004இல் மொனாக்கோவின் மான்டே கார்லோ கிராண்ட் ஹோட்டலை முதலீட்டாளர் குழு ஒன்று 21.15 கோடி யூரோவுக்கு வாங்கியது. அவர்களுக்காகப் பேரம் பேசிய சீடர் கேபிடல் நிறுவனம், விற்றவரிடமிருந்து 1 கோடி யூரோ கமிஷன் பெற்றது. வாங்குபவரின் ஆள் விலையைக் குறைக்கப் பார்க்க வேண்டியவர். விற்பவரின் பணம் கைக்கு வந்தால் அந்த முனைப்பு நிலைக்குமா? ஏதோ கமிஷன் உண்டு என்று பொதுவாகச் சொல்வதும் போதாது. உரிய முறையில் தெரிவித்துச் சம்மதம் பெறாததால் கடமை மீறப்பட்டது என்று நீதிமன்றம் கண்டது.

நல்ல விடை இதோடு நிற்காது. இலாபத்தைக் கணக்குக் காட்டி ஒப்படைக்கச் சொல்வது முகவர் மீதான தனிக் கோரிக்கை; முகவர் திவாலானால், நியமித்தவர் மற்றக் கடன் கொடுத்தவர்களோடு வரிசையில்தான் நிற்க வேண்டும். பணமே தொடக்கம் முதல் நியமித்தவருக்கான அறக்கட்டளையாக முகவரிடம் இருந்தது என்றால், நியமித்தவர் முந்திக்கொள்ளலாம். அந்தப் பணத்தில் வாங்கிய வீட்டையும் தொடரலாம். இந்த ஹோட்டல் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2014இல் இந்த இரண்டாம் நிலையையே ஏற்று, முதல் நிலையைச் சொன்ன 1890இன் லிஸ்டர் தீர்ப்பை ஒதுக்கியது. இந்தியாவில் 1882ஆம் ஆண்டின் அறக்கட்டளைச் சட்டத்தின் 88ஆம் பிரிவு, முகவரைப் பெயர் சொல்லியே, பெற்ற ஆதாயத்தை நியமித்தவருக்காக வைத்திருக்கும் கடமைக்குள் வைக்கிறது.