சட்டையை அயர்ன் பண்றது இருக்கட்டும், சாதியைச் சொல்லியாச்சா?

காதலியோட (அல்லது காதலனோட) அப்பா அம்மாவை முதல் தடவை பார்க்கப் போறவனுக்கு ஊருல ஆளாளுக்கு அறிவுரை சொல்றாங்க. முழுக்கை சட்டை போடு. பூவும் பழமும் வாங்கிட்டுப் போ. உள்ள போனதும் செல்லை ஆஃப் பண்ணு. அப்பாகிட்ட கிரிக்கெட் பேசு, அம்மாகிட்ட சாப்பாடு நல்லாருக்குன்னு சொல்லு. "பயப்படாம நேர்ல போய்ப் பேசு மாப்ள, உன்னைப் பார்த்தா யாருக்குத்தான் பிடிக்காது?"

இதுல ஒண்ணும் தப்பில்லை. ஆனா எங்க ராமநாதபுரம் மாவட்டத்துல இந்த அறிவுரை முக்கால்வாசிப் பேருக்கு உதவாது. மீதிப் பேர்ல சிலருக்கு ஆபத்து. ஏன்னா இது அந்தச் சந்திப்பை ஒரு இன்டர்வியூன்னு நினைச்சுக்குது. நல்லா நடந்துக்கிட்டா வேலை கிடைச்சிடும்ங்கிற கணக்கு. எங்க ஊர்ல அது இன்டர்வியூ இல்லைங்க, விசாரணை.

எப்படி நடக்கும்னு சொல்றேன். பையன் பரமக்குடிப் பக்கம் ஒரு கிராமம், பொண்ணு வீடு ராமநாதபுரம் டவுன்னு வச்சுக்குவோம். பையன் போய் உக்காந்தாச்சு. தண்ணி வந்தாச்சு.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"பரமக்குடிங்க."

"பரமக்குடியேவா, பக்கத்துலயா?"

பையன் ஊர்ப் பேரைச் சொல்றான்.

"அடடே, அந்த ஊரா! அங்க நம்மாளுக நெறையப் பேரு இருக்காகளே. நீங்க ஊருக்குள்ள எங்கிட்டு?"

கவனிச்சீங்களா? மூணாவது கேள்விதான் உண்மையான கேள்வி. எங்க பக்கத்துக் கிராமத்துல தெருவும் சாதியும் வேற வேற இல்லை. மேலத்தெரு, கீழத்தெரு, காலனின்னு சொன்னாலே போதும், மிச்சத்தை அவங்களே எழுதிக்குவாங்க. தெருவைச் சொல்லாம நழுவினா அடுத்து அப்பா பேரு, தாத்தா பேரு. அதுலயும் பிடிபடலைன்னா கடைசி ஆயுதம், "குலதெய்வம் எது தம்பி?" ரொம்பப் பக்தியான கேள்வி மாதிரி இருக்கும். ஆனா இந்தச் சாமியை யார் யார் கும்பிடுவாங்கன்னு சுத்துப்பட்டுல எல்லாருக்கும் தெரியும். அஞ்சு நிமிஷத்துல, சாதிங்கிற வார்த்தையை ஒருத்தருமே சொல்லாம, முழு விவரமும் வந்துடும்.

இந்த இடத்துல பையனுக்கு வேர்க்குது. நண்பர்கள் "நெர்வஸ் ஆகாதடா"ன்னு சொல்லி அனுப்பினது இதுக்குத்தான். ஆனா இது கூச்சம் இல்லை. கேள்வி எதை நோக்கிப் போகுதுன்னு அவனுக்குத் தெரியும், அதான் வேர்க்குது. தைரியம் இல்லாததால வர்ற வேர்வை இல்லை இது, விவரம் தெரிஞ்சதால வர்ற வேர்வை.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். முதல் சந்திப்புல அந்த வீட்டுக்குப் புதுசாத் தெரிய வேண்டியது உங்க முகம் மட்டும்தான். சாதி, மதம், குடும்பம் எல்லாம் அதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். அதைச் சொல்ல வேண்டியவர் விருந்தாளி இல்லை, அந்த வீட்டுப் பிள்ளை. "நீ வந்து பேசு, அப்பாவுக்கு உன்னைப் பிடிச்சிடும், அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்"னு கூப்பிடுறது காதல் இல்லை. தன் வீட்ல தான் நடத்த வேண்டிய சண்டையை அடுத்தவன் தலையில கட்டுறது. பொண்ணுங்களை மட்டும் சொல்லலை. அம்மாகிட்ட "கூடப் படிச்ச பொண்ணு, சும்மா வந்திருக்கா"ன்னு பொய் சொல்லி வீட்டுக்குக் கூட்டிட்டு வர்ற வீரர்களையும் சேர்த்துத்தான்.

"பையன் நல்லவனா, படிச்சவனா, சம்பாதிக்கிறவனா இருந்தா சாதியெல்லாம் பெரிசா எடுத்துக்க மாட்டாங்க" அப்படின்னு ஒரு நம்பிக்கை நம்ம செட்டுல பலருக்கு இருக்கு. அவங்களுக்கு நெல்லைல நடந்ததை நினைவுபடுத்துறேன். 2025 ஜூலை 27. தூத்துக்குடி மாவட்டம் ஏரல் பக்கத்து ஆறுமுகமங்கலத்தைச் சேர்ந்த கவின் செல்வகணேஷ், வயசு 27, சென்னையில ஐடி கம்பெனி வேலை. அம்மா பள்ளி ஆசிரியை. தேவேந்திரகுல வேளாளர் குடும்பம். அவர் பழகின பொண்ணு பாளையங்கோட்டையில சித்த மருத்துவர், மறவர் குடும்பம், அப்பா அம்மா ரெண்டு பேருமே போலீஸ் எஸ்.ஐ. அன்னைக்குத் தாத்தாவோட வைத்தியத்துக்காகப் பாளையங்கோட்டைக்கு வந்திருந்தார் கவின். பொண்ணோட தம்பி வந்து, அப்பா அம்மா உங்ககிட்ட பேசணும்னு சொல்றாங்கன்னு சொல்லி பைக்கில கூட்டிட்டுப் போனதாகவும், வழியிலேயே வெட்டிக் கொன்னதாகவும் வழக்கு. தம்பி சரணடைஞ்சார். பெத்தவங்களுக்கு இதுல பங்கு உண்டா இல்லையாங்கிறது கோர்ட் முடிவு பண்ண வேண்டிய விஷயம், அதுக்குள்ள நான் போகலை.

நான் பார்க்கச் சொல்றது ரெண்டு விஷயம். ஒண்ணு, அறிவுரைப் பட்டியல்ல இருக்கிற எல்லாமே கவின்கிட்ட இருந்தது. படிப்பு, வேலை, சம்பளம், நல்ல குடும்பம், எல்லாத்துலயும் பாஸ். அதுல எதுவும் காப்பாத்தலை. ரெண்டு, அவரைக் கூட்டிட்டுப் போகப் பயன்பட்டதாச் சொல்ற வார்த்தையே "அப்பா அம்மா பேசணும்னு சொல்றாங்க"ங்கிறதுதான். காதலிக்கிற எவனும் காதுல விழணும்னு ஏங்குற வார்த்தை. அதைக் கேட்டா யோசிக்கத் தோணாது, பைக்குல ஏறத்தான் தோணும். 2004ல வந்த "காதல்" படத்துலயும் பொண்ணோட சித்தப்பா மெட்ராஸுக்கு வந்து சிரிச்சுப் பேசித்தான் ரெண்டு பேரையும் மதுரைக்குத் திரும்பக் கூட்டிட்டுப் போவார். படத்தைப் பார்த்து எல்லாரும் அழுதோம், பாடத்தை மட்டும் எடுத்துக்கலை.

அதனால கத்துற அப்பாவைப் பார்த்துப் பயப்படாதீங்க. "என் வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது"ன்னு கத்துற மனுஷன் தன் மனசுல இருக்கிறதை வெளிய சொல்லிட்டார். அவர்கூட பேச ஒரு வருஷம் கழிச்சாவது வழி இருக்கலாம். பயப்பட வேண்டியது திடீர் இனிப்புக்கு. போன வாரம் பொண்ணு செல்லைப் பிடுங்கி வச்ச வீடு, வேலைக்குப் போகக் கூடாதுன்னு சொன்ன வீடு, இன்னைக்கு "வரச் சொல்லும்மா, பேசி முடிச்சிரலாம்"னு சொன்னா நடுவுல என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. மனசு மாறுனதுக்கு ஒரு கதை இருக்கும்: யாரோ அத்தை பேசினாங்க, யாரோ மாமா அழுதாரு, நாலு நாள் சண்டை நடந்துச்சு. கதையே இல்லாம மாறியிருந்தா போகாதீங்க. கூப்பிடுறது அப்பா அம்மாவா இல்லாம அண்ணன், தம்பி, சித்தப்பான்னு இருந்தா, பொண்ணுகிட்ட நேரா ஒரு வார்த்தை கேக்காம கிளம்பாதீங்க. பொண்ணுகிட்ட பேசவே முடியலைன்னா, அதுதான் பதில்.

சரி, முதல் சந்திப்பு எங்க வைக்கலாம்? வீட்ல வேணாம். டவுன்ல நாலு பேர் வந்து போற ஓட்டல், பகல் நேரம். தனியாப் போகாதீங்க. ரெண்டு வீட்டுக்கும் தெரிஞ்ச ஒரு பெரியவர் இருந்தா நல்லது, வாத்தியார், டாக்டர், யூனியன்காரர் யாரா இருந்தாலும் சரி. யாரோ ஒருத்தர் ஏத்திக்கிட்டுப் போற வண்டியில போகாதீங்க, சொந்தமாப் போய் சொந்தமாத் திரும்புங்க. போற இடம், திரும்புற நேரம் ரெண்டையும் ஒரு நண்பன்கிட்ட சொல்லி வைங்க.

எங்க மாவட்டத்துக்குன்னே ஒரு காலண்டரும் இருக்கு. செப்டம்பர் 11 இம்மானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 தேவர் குருபூஜை. 1957 முதுகுளத்தூர் கலவரத்துல இருந்து 2011 பரமக்குடி துப்பாக்கிச்சூடு வரைக்கும் எல்லாத்தையும் ஊரே திரும்ப நினைக்கிற ரெண்டு மாசம் அது. தடை உத்தரவு, ரோடு முழுக்க போலீஸ். சாதாரணமாப் பேசக்கூடிய அப்பாகூட அந்த மாசத்துல சொந்தக்காரங்க வாய்க்குப் பயந்து முறுக்கிக்குவார். தள்ளிப் போடுங்க.

ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கதை கொஞ்சம் வேற. அங்க இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் மூணு பேரும் ஒரே கடலை நம்பி இருக்காங்க. மதம்தான் அங்க மூணாவது கேள்வி. ராத்திரி முழுக்க வலை இழுத்துட்டு விடிகாலைல கரைக்கு வந்த மனுஷன்கிட்ட அன்னைக்கே போய் நின்னீங்கன்னா நீங்க யாரா இருந்தாலும் பிடிக்காது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, ஆள் வீட்ல இருப்பார். கைல காசு இருக்காது, ஆனா காது கொடுத்துக் கேக்க நேரம் இருக்கும்.

"நீ எல்லாரையும் பயமுறுத்துற, எல்லா வீடும் கொலைகார வீடா?"ன்னு கேப்பீங்க. இல்லை. பெரும்பாலான வீட்ல அழுகை, பட்டினி, ஆறு மாசம் பேச்சுவார்த்தை இல்லாம இருக்கிறது, இதோட முடியும். ஆனா எந்த வீடு எந்த வகைன்னு வாசல்ல செருப்பைக் கழட்டும்போது தெரியாது. ஓட்டல்ல வச்சுப் பார்க்கிறதால நல்ல வீட்டுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நல்ல அப்பா ரெண்டு காபிக்குப் பில் கொடுத்துட்டு, "அடுத்த வாட்டி வீட்டுக்கு வாங்க தம்பி"ன்னு சொல்லிட்டுப் போவார்.

பேசியும் ஒத்துவரலைன்னா என்ன வழின்னு சந்திப்புக்கு முன்னாடியே தெரிஞ்சுக்குங்க. மதம் வேறன்னா 1954 சிறப்புத் திருமணச் சட்டம். ரெண்டு பேர்ல ஒருத்தர் அந்த மாவட்டத்துல 30 நாள் இருந்திருக்கணும், நோட்டீஸ் கொடுத்து இன்னும் 30 நாள் காத்திருக்கணும். அந்த நோட்டீஸை ஆபீஸ்ல எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒட்டுவாங்கங்கிறது இதுல இருக்கிற சிக்கல். வீட்ல சொல்லாம இருந்தாலும் சேதி போயிடும். ரெண்டு பேரும் இந்துன்னா தமிழ்நாட்டுல 1967 திருத்தப்படி சுயமரியாதைத் திருமணம் செல்லும், ஐயர் வேண்டியதில்லை. மிரட்டல் வந்தா எஸ்.பி. ஆபீஸ்ல எழுத்துல மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்க. இந்த மாதிரி ஜோடிகளுக்குப் பாதுகாப்பு கொடுக்க ஒவ்வொரு மாவட்டத்துலயும் தனிப்பிரிவு வேணும், தங்க இடம் வேணும்னு 2018ல சக்தி வாஹினி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. ஸ்டேஷன்ல "பெத்தவங்களோட போம்மா"ன்னு சமாதானம் பேசினா, அந்தத் தீர்ப்போட பேரைச் சொல்லுங்க.

இனிமே யாராவது உங்ககிட்ட வந்து "அவங்க அப்பாவைப் பார்க்கப் போறேன் மச்சி, என்ன கலர் சட்டை போடட்டும்?"னு கேட்டா, கலர் சொல்லாதீங்க. "உன் சாதி என்னன்னு அவ வீட்ல சொல்லிட்டாளா?"ன்னு கேளுங்க. இல்லைன்னு சொன்னா, அந்தச் சட்டை இன்னும் கொஞ்ச நாள் பீரோவுலயே இருக்கட்டும்.

டிஸ்கி: ஒரே சாதி, ஒரே மதம், ஜாதகமும் பொருந்தி இருக்குன்னா இந்தப் பதிவு உங்களுக்கில்லை. பூவும் பழமும் வாங்கிட்டுப் போங்க. நல்லா இருங்க.