விடியற்காலைக் கனவில் அடிப்பிடித்த சோறு

சென்ற ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் என் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அன்று மத்தியானம் விழுப்புரத்திலிருந்து அத்தையின் சம்பந்தி வீட்டார் எட்டுப் பேர் விருந்துக்கு வருவதாக ஏற்பாடு. காலை ஏழு மணிக்கே அத்தையின் முகம் வாடிக் கிடந்தது.

"விடியற்காலை நாலு மணிக்கு ஒரு கனவுடா. கூடத்தில் இலை போட்டாகிவிட்டது. எட்டுப் பேர் என்றவர்கள் இருபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பானையைத் திறந்தால் சோறு அடிப்பிடித்துக் கரியாகிக் கிடக்கிறது. குழம்பில் கரண்டியை விட்டால் அடி தட்டுகிறது. அத்தனை பேரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பார்களே!"

பலிக்கும் என்று தோன்றுவதற்குக் காரணம் உண்டு. மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக ஓடும் ஒருவகைத் தூக்கம் இருப்பதை 1953-ல் சிகாகோவில் அஸெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் எழுதி வெளியிட்டார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. விடிய விடிய அந்தத் தூக்கத்தின் நேரம் நீளுகிறது. கனவின் நடுவிலேயே விழித்துக் கொண்டால் அது அப்படியே மனத்தில் நிற்கிறது. விடியற்காலைக் கனவுக்கு உள்ள பெருமை இவ்வளவுதான்.

அத்தைக்கு இன்னொரு கதையும் சொன்னேன். வியன்னா நகரத்து வைத்தியர் ஃப்ராய்டு, 1899-ல் வெளியிட்ட கனவுப் புத்தகத்தில் இறைச்சிக் கடைக்காரர் மனைவி ஒருத்தியின் கனவை எழுதியிருக்கிறார். அவள் விருந்து வைக்க நினைக்கிறாள். வீட்டில் புகை போட்ட மீன் கொஞ்சம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையானதால் கடைகள் மூடியிருக்கின்றன. டெலிபோனும் வேலை செய்யவில்லை. விருந்தையே கைவிடுகிறாள். ஃப்ராய்டு துருவிக் கேட்டதில், ஒல்லியான சிநேகிதி ஒருத்தி, "எப்போது விருந்துக்குக் கூப்பிடப் போகிறாய்?" என்று முதல் நாள் கேட்டிருந்தது தெரிந்தது. கணவருக்கோ பூசினாற்போன்ற உடம்புதான் பிடிக்கும். இருந்தும் அந்தச் சிநேகிதியை ஓயாமல் புகழ்வார். அவள் நன்றாகச் சாப்பிட்டுச் சதை போட்டுவிட்டால்? ஆகவே விருந்து நடக்கக் கூடாது என்பதே அவளுடைய உள்ளாசை என்றார் ஃப்ராய்டு.

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "போடா! சம்பந்தி வரக் கூடாதென்று நான் நினைப்பேனா?"

அத்தை கேட்டது நியாயமே. ஆயிரக்கணக்கான கனவுகளைச் சேகரித்த கால்வின் ஹால் என்ற அமெரிக்கர், பகலில் நம்மை அரிக்கும் கவலைகளே கனவிலும் தொடர்கின்றன என்றார். அப்படியானால் அத்தையை அரிப்பது எது?

மெல்லச் சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன் மகளின் வளைகாப்பில் இரண்டாம் பந்தியில் பாயசம் தீர்ந்துவிட்டது. "இங்கே அளந்துதான் போடுவார்களோ?" என்று யாரோ ஒருவர் சிரித்தார்.

"மற்ற நாளில் குறைந்தால் என் தட்டில்தான் குறையும். எல்லாரும் சாப்பிட்ட பிறகு மோரும் ஊறுகாயுமாக நான் எழுந்துவிடுவேன். யாருக்குத் தெரியும்? கனவில் என் தட்டே இல்லையேடா!"

எனக்குப் பேச்சு வரவில்லை.

பிறகு இருவரும் கணக்குப் போட்டோம். வருகிறவர்கள் எட்டு, வீட்டார் நாலு. ஆளுக்கு 150 கிராம் அரிசி என்றால் 1 கிலோ 800 கிராம். பயத்தில் அத்தை இரண்டரைக் கிலோவை ஒரே பானையில் வைக்கப் போனாள். கனவு பலிக்க அதுவே நல்ல வழி! வீட்டு அடுப்பின் தீ நடு அடியில்தான் படும். பானை நிறைய அரிசி இருந்தால், மேலே வேகுமுன் அடியில் தண்ணீர் சுண்டிப் பிடித்துக்கொள்ளும். ஆகவே சோற்றை இரண்டு பானையாகப் பிரித்தோம். இன்னும் அரைக் கிலோவைக் கழுவி ஊற வைத்தோம். பந்தி உட்கார்ந்ததும் பார்த்து, வேண்டுமானால் உலையில் போடலாம். இருபது நிமிஷத்தில் வெந்துவிடும். தீய்ந்த வாசனை வந்தால் கிளறக் கூடாது, அடியைச் சுரண்டாமல் மேல் சோற்றை வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும் என்பது அத்தைக்கே தெரியும். கனவில்தான் மறந்துபோயிற்று.

பன்னிரண்டு இலையும் ஒரே பந்தியில் போடச் சொன்னேன். அத்தை மாட்டேன் என்றாள். விழுப்புரத்துச் சம்பந்தியம்மாள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள், மருமகன் பரிமாறினான்.

கனவைக் கேட்ட சம்பந்தியம்மாள் சிரித்தாள். "உங்களுக்குச் சோறா? நீங்கள் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தால், முதல் நாள் ராத்திரி என் கனவில் பாயசத்துப் பால் திரிந்துபோகும்!"

ஊற வைத்த அரைக் கிலோ அரிசி அப்படியே இருந்தது. மறுநாள் அது இட்லி மாவில் சேர்ந்துவிட்டதாம்.